மாதம் ஒரு மின்மடல்: ஒரு கேள்வி, ஒரு பதில், ஒரே ஒரு வேண்டுகோள்

பொள்ளாச்சிப் பக்கத்து வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வி இது: ‘ஐந்து ஏக்கர் தென்னை வைத்திருக்கிறேன். சொந்தக் கொப்பரையை மரச்செக்கில் ஆட்டி, கோவை, பெங்களூரு, சென்னையில் இருக்கும் குடும்பங்களுக்குப் பார்சலில் அனுப்புகிறேன். ஏறத்தாழ 300 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரி என்னிடம் இருக்கிறது. மாதம் ஒரு மடல் அனுப்பிப் பார்த்தேன். மூன்று மாதமாகியும் இரண்டு பேர்தான் பதில் போட்டார்கள். இதை விட்டுவிடலாமா? இல்லை, எழுதும் முறையில்தான் ஏதாவது கோளாறா?’

கேள்வியோடு அந்த மூன்று மடல்களையும் அவர் இணைத்திருந்தார். நேரடி விற்பனையில் இருக்கும் பலரும் இதே மாதிரி மடலைத்தான் அனுப்புகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன். மஞ்சள், வெல்லம், பாரம்பரிய அரிசி, தேன் என்று எதை விற்பவரும் தன் பொருளுக்குத் தக்கபடி இதை மாற்றிக்கொள்ளலாம்.

மூன்று மடல்களிலும் என்ன இருந்தது?

மூன்றுக்கும் ஒரே வகைத் தலைப்பு வரி: ‘செப்டம்பர் மாத மின்மடல்’, ‘அக்டோபர் மாத மின்மடல்’, ‘நவம்பர் மாத மின்மடல்’. மடலைத் திறந்தால் உள்ளே இருப்பது ஒரே ஒரு படம். அச்சகத்தில் நோட்டீஸ் அடிப்பது போல வடிவமைத்து, எல்லா எழுத்தையும் படத்துக்குள்ளேயே வைத்திருந்தார். அந்தப் படத்துக்குள் வாசகரிடம் ஐந்து வேலைகள் கேட்கப்பட்டிருந்தன. எண்ணெய் வாங்குங்கள், வாட்ஸ்அப் குழுவில் சேருங்கள், இணையதளத்தைப் பாருங்கள், கண்காட்சியில் எங்கள் கடைக்கு வாருங்கள், நண்பர்களிடம் சொல்லுங்கள்.

இதைப் பெங்களூருவில் வேலைக்குப் போகும் ஒரு பெண்மணியின் இடத்தில் இருந்து பாருங்கள். காலையில் கைப்பேசியில் இருபது மின்னஞ்சல் வந்து நிற்கிறது. ‘நவம்பர் மாத மின்மடல்’ என்ற வரி அவருக்கு எதையும் சொல்லவில்லை. திறந்தாலும், சிக்னல் குறைவாக இருந்தால் படம் வருவதற்குள் அடுத்த மடலுக்குப் போய்விடுவார். படம் வந்துவிட்டாலும் ஐந்தில் எதைச் செய்வது என்று தெரியாது. பிறகு பார்க்கலாம் என்று மூடிவைப்பார். அந்தப் ‘பிறகு’ வருவதே இல்லை.

இதனால் செக்கு வைத்திருப்பவருக்குக் கைக்காசு நட்டமாகிறது. எத்தனை லிட்டர் போகும் என்று தெரியாமல் ஆட்டினால் எண்ணெய் தேங்கும். சரியாகக் காயாத கொப்பரையில் ஆட்டிய எண்ணெய் என்றால் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். குறைத்து ஆட்டினால், கேட்டு வந்தவரை இல்லை என்று திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். ஆக, மடலின் முதல் வேலை, இந்த மாதம் எவ்வளவு ஆட்ட வேண்டும் என்பதை நமக்குச் சொல்வது. அந்த வேலையை மனதில் வைத்து டிசம்பர் மடலை எழுதிப் பார்ப்போம்.

முதல் படி: வாடிக்கையாளரின் கேள்வியைப் பிடியுங்கள்

எதை எழுதுவது என்பதற்குப் பெரிய யோசனை தேவையில்லை. தொலைபேசியில் வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வந்தால் போதும். ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டிருந்தால், வாயைத் திறக்காமல் முப்பது பேர் மனதில் அது இருக்கும்.

தேங்காய் எண்ணெய் விற்பவருக்கு டிசம்பரில் வரும் கேள்வி அநேகமாக எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ‘எண்ணெய் கட்டியாகிவிட்டதே, எதையாவது கலந்தீர்களா?’ கேட்பவருக்குப் பதில் சொல்லிவிடலாம். கேட்காமல் மனதில் சந்தேகத்தோடு அடுத்த மாதம் வேறு இடத்தில் வாங்குபவர்தான் நமக்கு நட்டம். அவர் ஏன் போனார் என்பதே நமக்குத் தெரியாது. அதனால் டிசம்பர் மடலுக்கு இந்தக் கேள்வியை விடப் பொருத்தமான விஷயம் கிடையாது.

பதிலை முதலில் நாம் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். இது நிறைவுற்ற வகை. அதனால் சுமார் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனதுமே தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் பெங்களூருவில் வெப்பம் இதற்கு நன்றாகவே கீழே இறங்கிவிடும். கடலை எண்ணெய்யும் நல்லெண்ணெய்யும் அந்தக் குளிரில் உறையாது. பக்கத்தில் அந்தப் பாட்டில்கள் தெளிவாக நிற்பதைப் பார்ப்பவருக்குத் தேங்காய் எண்ணெய் மேல்தான் சந்தேகம் வரும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் பொதுமக்களுக்காக வெளியிட்டிருக்கும் எளிய சோதனைகளில் இதுவும் ஒன்று. கண்ணாடி டம்ளரில் எண்ணெயை ஊற்றி, குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. தேங்காய் எண்ணெய் முழுவதும் உறைந்துவிடும். வேறு எண்ணெய் கலந்திருந்தால் அது உறையாமல் தனி அடுக்காக நிற்கும்.

இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. எண்ணெய்ப் பனையின் கொட்டைப் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெய்யும் தேங்காய் எண்ணெயைப் போலவே லாரிக் அமிலம் நிறைந்தது, அதுவும் உறையும். அதைக் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது. ஆய்வகத்தில்தான் கண்டுபிடிக்க முடியும். இதையும் மடலில் ஒரு வரி எழுதிவிடுங்கள். சோதனையின் குறையையும் சேர்த்துச் சொல்பவரிடம் வாடிக்கையாளருக்கு நம்பிக்கை கூடும்.

இரண்டாம் படி: தலைப்பு வரி

கைப்பேசித் திரையில் தலைப்பு வரி முழுவதும் தெரியாது. தமிழ் எழுத்து அகலமானது என்பதால் நான்கைந்து சொல்லுக்கு மேல் போனால் பெரும்பாலும் வெட்டுப்பட்டுவிடும். எனவே முக்கியமான சொல் முதலில் வர வேண்டும். ‘எங்கள் அன்பான வாடிக்கையாளர்கள் அனைவருக்கும்…’ என்று தொடங்கினால், விஷயம் வருமுன் இடம் தீர்ந்துவிடும். கடையின் பெயரையும் தலைப்பில் எழுத வேண்டாம். அனுப்புநர் பெயர் ஏற்கெனவே மேலே தெரிகிறது. அங்கே உங்கள் பெயரோ கடைப் பெயரோ சரியாக வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் மடலுக்குச் சில தலைப்புகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

‘டிசம்பர் மாத மின்மடல்’. இது எந்த மாதம் என்று மட்டும் சொல்கிறது.

‘சிறப்புத் தள்ளுபடி!!! உடனே முந்துங்கள்!!!’ இதைப் பார்த்தால் யாரோ விளம்பரம் அனுப்புகிறார்கள் என்றுதான் தோன்றும். தள்ளுபடி இல்லாத மாதத்தில் இதை எழுதவும் முடியாது.

‘உங்கள் எண்ணெய் ஆபத்தானதா?’ இது பயமுறுத்தித் திறக்க வைக்கும். உள்ளே ‘உறைவது இயல்புதான்’ என்று படித்ததும், ஏமாற்றிவிட்டார் என்று நினைப்பார். அடுத்த மாதம் நீங்கள் உண்மையாகவே அவசரமான செய்தி அனுப்பினாலும் நம்பமாட்டார்.

‘தேங்காய் எண்ணெய் உறைந்தால் கலப்படமா?’ இது நான்கே சொல். வாடிக்கையாளர் மனதில் இருக்கும் கேள்வி அவருடைய சொல்லிலேயே இருக்கிறது. உள்ளே அதற்குப் பதிலும் இருக்கிறது. இதுதான் சரி.

தலைப்பு எழுதியதும் ஒரு பரிசோதனை செய்யுங்கள். அந்த வரியை மட்டும் வீட்டில் ஒருவரிடம் வாசித்துக் காட்டி, உள்ளே என்ன இருக்கும் என்று கேளுங்கள். அவர் சொல்வதும் நீங்கள் எழுதியதும் ஒன்றாக இருந்தால் தலைப்பு பொருந்திவிட்டது.

தலைப்புக்கு அடுத்தபடி, மடலின் முதல் வரி. பெரும்பாலான கைப்பேசிகளில் தலைப்புக்குக் கீழே மடலின் முதல் சில சொற்கள் சாம்பல் நிறத்தில் தெரியும். அங்கே ‘வணக்கம், நலம், நலமறிய ஆவல்’ என்று இருந்தால் அந்த இடம் வீணாகும். பதிலின் நுனியை அங்கேயே காட்டுங்கள்: ‘இல்லை. 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும்.’ வணக்கத்தை அதற்கு அடுத்த வரியில் வைத்துக்கொள்ளலாம், மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

மூன்றாம் படி: ஒரே ஒரு வேண்டுகோள்

மடலைப் படித்து முடிப்பவர் என்ன செய்ய வேண்டும்? ஐந்து வேலை கேட்டால் ஒன்றும் நடக்காது என்பதைப் பார்த்தோம். நம் வாசகருக்கு இந்த மாதம் தேவைப்படுவது ஒரே ஒரு தகவல்தான், அதாவது எத்தனை லிட்டர் ஆட்டுவது என்பது. எனவே வேண்டுகோளும் அதுவேதான்: ‘எத்தனை லிட்டர் வேண்டும் என்ற எண்ணை மட்டும் இந்த மடலுக்குப் பதிலாக அனுப்புங்கள்.’

படிவம் நிரப்பச் சொல்ல வேண்டாம், இணையதளத்துக்கு அனுப்ப வேண்டாம். பேருந்தில் நின்றுகொண்டே ‘2’ என்று தட்டி அனுப்பிவிடலாம். அவருடைய முகவரி போன பார்சலிலேயே உங்களிடம் இருக்கிறது.

கடைசி நாள் ஒன்று கட்டாயம் வேண்டும். அதை நம் வேலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போகுமுன் எண்ணெய் கையில் கிடைக்க வேண்டும் என்றால் 17-ஆம் தேதி பார்சல் போக வேண்டும். ஆட்டிய எண்ணெயில் கசடு அடங்கித் தெளிய மூன்று நான்கு நாள் விடவேண்டும். ஆட்டுவதற்கு இரண்டு நாள். ஆகவே 11, 12 தேதிகளில் ஆட்டி, 16 வரை தெளியவிட்டு, 17-இல் அனுப்பலாம். அப்படியானால் எண் கைக்கு வரவேண்டிய கடைசி நாள் 10. இந்தக் காரணத்தை மடலிலேயே ஒரு வரியில் சொல்லிவிட்டால், ‘இன்றே கடைசி’ என்று கடைக்காரர் அவசரப்படுத்துவது போலத் தோன்றாது.

விலையை எழுதத் தயங்காதீர்கள். விலை இல்லாவிட்டால் எண்ணுக்குப் பதிலாக ‘என்ன விலை?’ என்ற கேள்விதான் வரும். அதற்கு நீங்கள் பதில் போட்டு, அவர் மறுபடி எழுதுவதற்குள் பாதிப்பேர் விட்டுவிடுவார்கள். பார்சல் செலவு சேர்த்ததா, தனியா என்பதும் தெளிவாக இருக்க வேண்டும்.

பணம் கட்டும் க்யூஆர் குறியீட்டை மடலில் வைக்காதீர்கள். கொப்பரை இருப்பைப் பார்த்து, உறுதி செய்த பிறகு தனித்தனியாகத் தொகையைச் சொல்லி வாங்கினால், திருப்பிக் கொடுக்கும் வேலை வராது. மின்னஞ்சலில் வரும் பணக் குறியீட்டை மக்கள் இப்போது சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள், அது நியாயமும்கூட.

மடல் இப்படி அமையலாம்

தலைப்பு: தேங்காய் எண்ணெய் உறைந்தால் கலப்படமா?

*இல்லை. 24 டிகிரிக்குக் கீழே போனால் நல்ல தேங்காய் எண்ணெய்யும் உறையும்.*

*வணக்கம். குளிரில் எண்ணெய் கட்டியாகிவிட்டது என்று இந்த வாரம் மூன்று பேர் அழைத்தார்கள். உங்களுக்கும் அந்தச் சந்தேகம் இருக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.*

*கடலை எண்ணெய், நல்லெண்ணெய் போல அல்லாமல் தேங்காய் எண்ணெய் சாதாரணக் குளிரிலேயே உறையும் தன்மை கொண்டது. உறைவதால் கெட்டுப்போகாது. பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்தால் மீண்டும் இளகிவிடும். அடுப்பில் நேரடியாக வைக்க வேண்டாம்.*

*வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி: கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம். முழுதும் உறைய வேண்டும். உறையாமல் தனி அடுக்கு நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது என்று பொருள். எல்லாக் கலப்படத்தையும் இது காட்டாது. ஆனால் பொதுவாகக் கலக்கும் எண்ணெய்களைக் காட்டிக்கொடுக்கும். எங்கள் எண்ணெயிலும் செய்து பாருங்கள்.*

*இந்த மாதம் 11, 12 தேதிகளில் ஆட்டுகிறோம். கசடு தெளிந்தபின் 17-ஆம் தேதி பார்சல் கிளம்பும். விலை லிட்டருக்கு ரூ. ____, பார்சல் செலவு உட்பட.*

*எத்தனை லிட்டர் வேண்டும் என்ற எண்ணை மட்டும் 10-ஆம் தேதிக்குள் இந்த மடலுக்குப் பதிலாக அனுப்புங்கள்.*

*அன்புடன், (உங்கள் பெயர், ஊர், தொலைபேசி எண், உணவுப் பாதுகாப்பு உரிம எண்)*

*இந்த மடல் வேண்டாம் என்றால் ‘நிறுத்தவும்’ என்று பதில் அனுப்புங்கள்.*

அவ்வளவுதான். நிதானமாகப் படித்தாலும் இரண்டு நிமிடம் ஆகாது. எண்ணெய் வாங்காதவருக்கும் இந்த மாதம் ஒரு பயன் கிடைத்திருக்கிறது. வேண்டுகோள் தனிப் பத்தியாக, தடித்த எழுத்தில், ஒரே இடத்தில் இருக்கிறது. ஒரு சிறு படம் வைக்க விரும்பினால், உறைந்த எண்ணெய்ப் பாட்டிலை நீங்களே எடுத்த படம் போதும். ஆனால் எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும். படத்துக்குள் இருக்கும் சொற்களை, ‘அந்த ஃப்ரிட்ஜ் சோதனை எங்கே படித்தோம்’ என்று பிறகு தேடுபவரால் கண்டுபிடிக்க முடியாது.

தட்டச்சு செய்வதில் ஓர் எச்சரிக்கை. பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டி ஒட்டினால் எதிர்முனையில் புரியாத குறிகளாகத் தெரியும். கைப்பேசித் தமிழ் விசைப்பலகையில் வருவது யூனிகோடு எழுத்து. அதிலேயே எழுதுங்கள், எங்கும் சரியாகத் தெரியும்.

எழுதக் கூடாத ஒன்றும் உண்டு. ‘எங்கள் எண்ணெய் சர்க்கரை நோயைக் குணப்படுத்தும், தைராய்டைச் சரிசெய்யும்’ என்றெல்லாம் எழுதாதீர்கள். உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 2018-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விளம்பர விதிமுறைகள் தடுக்கின்றன. மடலும் விளம்பரத்தில் சேரும்.

அனுப்பும் முறை

எல்லா முகவரியையும் To பெட்டியில் போடவே கூடாது. போட்டால் 300 பேரின் முகவரியும் 300 பேருக்கும் தெரிந்துவிடும். To பெட்டியில் உங்கள் முகவரியைப் போட்டு, மற்ற எல்லாவற்றையும் Bcc பெட்டியில் போடுங்கள். சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. அதற்குள்ளேயே இருந்தாலும், ஒரே மடலை நூற்றுக்கணக்கானவருக்கு ஒரே மூச்சில் அனுப்பினால் அது Spam பெட்டிக்குப் போகும் வாய்ப்பு அதிகம். ஐம்பது ஐம்பதாகப் பிரித்து இரண்டு மூன்று நாளில் அனுப்பலாம்.

பட்டியல் இன்னும் வளர்ந்தால் மடல் அனுப்புவதற்கென்றே இருக்கும் சேவைக்கு மாறிக்கொள்வது நல்லது. ஒவ்வொருவருக்கும் தனி மடலாகப் போகும். நிறுத்திக்கொள்ளும் இணைப்பும் தானாகவே சேர்ந்துவிடும். அப்போது உங்கள் கடைக்கென்று சொந்த இணைய முகவரி வாங்கி, அந்தப் பெயரில் உள்ள மின்னஞ்சலிலிருந்து அனுப்புங்கள். அந்த முகவரிக்கு SPF, DKIM என்ற இரண்டு பதிவுகளைச் செய்துதரும்படி இணைய முகவரி விற்பவரிடம் கேளுங்கள். மடல் உங்களிடமிருந்துதான் வருகிறது என்பதற்கு அவைதான் அத்தாட்சி. மடல் அனுப்புபவர் அனைவரும் இவற்றில் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் கேட்கிறது. சேவைக்கு மாறும்போது ‘பதில் அனுப்பக் கூடாத’ வகை முகவரியைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். நம் மடலின் வேண்டுகோளே பதில் அனுப்புங்கள் என்பதுதான்.

முகவரி யாருடையது என்பதிலும் கவனம் தேவை. கண்காட்சியில் வருகைப் பதிவேட்டில் எழுதிய எல்லோருக்கும் அனுப்பலாம் என்று நினைக்க வேண்டாம். ‘மாதம் ஒரு மடல் அனுப்பலாமா?’ என்று கேட்டு, சரி என்றவரை மட்டும் சேருங்கள். பில் புத்தகத்தில் இதற்கு ஒரு கட்டம் அச்சடித்துக்கொள்ளலாம். ஒருவரின் தகவலைப் பயன்படுத்த அவருடைய சம்மதம் வேண்டும், அந்தச் சம்மதத்தைக் கொடுத்தது போலவே எளிதாகத் திரும்பப் பெறவும் வழி வேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. வேண்டாம் என்றவரை அன்றே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பலன் கிடைத்ததா என்று எப்படித் தெரியும்?

மடல் சேவைகள் ‘இத்தனை பேர் திறந்தார்கள்’ என்று ஒரு கணக்குக் காட்டும். அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஆப்பிள் நிறுவனத்தின் மின்னஞ்சல் செயலி 2021 முதல், பயனர் திறக்காவிட்டாலும் மடலில் உள்ள படங்களைத் தானாகவே எடுத்துவைக்கிறது. அதனால் திறக்காதவரும் திறந்தவராகக் கணக்கில் வருவார். நமக்குத் தேவையான கணக்கு, எத்தனை பேர் எண் அனுப்பினார்கள், மொத்தம் எத்தனை லிட்டர் என்பதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. முப்பது பேர் சராசரியாக இரண்டு லிட்டர் கேட்டால் 60 லிட்டர். மரச்செக்கில் நன்கு காய்ந்த 10 கிலோ கொப்பரைக்கு ஏறத்தாழ 6 லிட்டர் எண்ணெய் கிடைக்கும் என்று வைத்தால், 100 கிலோ கொப்பரை எடுத்துவைக்க வேண்டும். 300 பேரில் முப்பது பேர்தானா என்று சோர்ந்துபோக வேண்டாம். ஒரு குடும்பத்துக்கு எண்ணெய் ஒவ்வொரு மாதமும் தீர்ந்துவிடாது. இந்த மாதம் வாங்காதவர் அடுத்த மாதம் எழுதலாம்.

வரும் பதில்களை வைத்தே கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிடலாம். ஒருவர்கூடப் பதில் போடவில்லை, உறவினர்கூட மடலைப் பார்க்கவில்லை என்றால், எழுத்தில் குறை தேடாதீர்கள். மடல் Spam பெட்டிக்குப் போயிருக்கும். தெரிந்த ஐந்து பேரை அந்தப் பெட்டியில் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே இருந்தால் ‘ஸ்பேம் இல்லை’ என்று குறிக்கச் சொல்லுங்கள். ‘நல்ல தகவல், நன்றி’ என்று பலர் எழுதி, எண் மட்டும் வரவில்லை என்றால், வேண்டுகோள் தெளிவாக இல்லை. ‘எப்போது வரும்?’, ‘பார்சல் தனியா?’ என்று கேட்டால், அந்தத் தகவல் மடலில் விட்டுப்போயிருக்கிறது, அல்லது நடுவில் புதைந்திருக்கிறது. ஒரு மாதம் மட்டும் நிறையப் பேர் ‘நிறுத்தவும்’ என்று அனுப்பினால், அந்த மாதத் தலைப்பு சொன்னதை மடல் கொடுத்ததா என்று பாருங்கள்.

இதையொட்டி வரும் சில கேள்விகள்

*வாட்ஸ்அப் இருக்கும்போது மின்னஞ்சல் எதற்கு?*

உங்கள் வாடிக்கையாளர் மின்னஞ்சலையே பார்க்காதவர் என்றால் வேண்டியதில்லை, வாட்ஸ்அப்பே போதும். ஆனால் நகரத்தில் அலுவலக வேலையில் இருப்பவர் தினமும் மின்னஞ்சலைத் திறக்கிறார். குழுவில் போட்ட செய்தி காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடும். மடல் அவருடைய பெட்டியில் தங்கும். மூன்று மாதம் கழித்து எண்ணெய் தேவைப்படும்போது தேடி எடுத்து, அதற்கே பதில் போடுவார்.

*பன்னிரண்டு மாதத்துக்கும் எழுத விஷயம் கிடைக்குமா?*

தோப்பைச் சுற்றி வந்தால் கிடைக்கும். கோடையில், கொப்பரை எத்தனை நாள் வெயிலில் காய்கிறது, ஈரப்பதம் 6 சதவிகிதத்துக்கு வராமல் ஆட்டினால் என்ன ஆகும் என்று எழுதலாம். தென்மேற்குப் பருவமழையில் வெயில் இல்லாதபோது கொப்பரையை எப்படிக் காயவைக்கிறீர்கள், கந்தகப் புகை போட்ட கொப்பரைக்கும் உங்களுடையதற்கும் என்ன வேறுபாடு என்பது இன்னொரு மடல். தென்னை ஓலையில் ஏன் கரும்பூசணம் படர்கிறது, 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்ட ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ என்றால் என்ன என்பது மற்றொன்று. விலை ஏறிய மாதத்தில், கொப்பரை விலையோடு சேர்த்துக் காரணத்தை அப்படியே எழுதுங்கள். எந்த மாதமானாலும் ஒரு கேள்வி, ஒரு பதில், ஒரு வேண்டுகோள் என்ற அளவைத் தாண்ட வேண்டாம். சொல்ல இரண்டு விஷயம் இருந்தால் ஒன்றை அடுத்த மாதத்துக்கு எடுத்துவையுங்கள்.

*விற்க எண்ணெயே இல்லாத மாதத்தில் என்ன செய்வது?*

மடல் அனுப்பலாம், வேண்டுகோளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ‘அடுத்த மாதம் அரை லிட்டர் பாட்டிலா, ஒரு லிட்டர் பாட்டிலா? எது வசதி என்று ஒரே சொல்லில் பதில் போடுங்கள்’ என்று கேட்கலாம். அந்தப் பதிலை வைத்துப் பாட்டில் வாங்கினால் காலிப் பாட்டில் தேங்காது. கேட்பதற்கு ஒன்றுமே இல்லாத மாதம் என்றால், அந்த மாதம் அனுப்பாமல் விட்டுவிடுங்கள்.

*எந்த நாளில் அனுப்புவது?*

மாதத்தின் முதல் வாரம் பொருத்தமாக இருக்கும், சம்பளம் வந்து வீட்டுச் சாமான் பட்டியல் போடும் நேரம் அது. தேர்ந்தெடுத்த நாளை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். அனுப்புவதற்கு முந்தைய நாள் உங்களுக்கே ஒரு முறை அனுப்பி, கைப்பேசியில் திறந்து பாருங்கள். தலைப்பு எங்கே வெட்டுப்படுகிறது, தேதியும் விலையும் சரியா, பதில் அனுப்பினால் உங்கள் பெட்டிக்கு வருகிறதா என்று மூன்றையும் பார்த்துவிட்டு மற்றவர்களுக்கு அனுப்புங்கள்.

பொள்ளாச்சி வாசகருக்குச் சொல்வது இதுதான்: மடலை விட வேண்டாம், படத்தை விட்டுவிடுங்கள். டிசம்பர் மடலை மேலே உள்ளபடி எழுதி, முதல் வாரத்தில் அனுப்புங்கள். 10-ஆம் தேதி இரவு, வந்த எண்களைக் கூட்டிப் பார்த்து, அதற்கேற்பக் கொப்பரையைச் செக்கடிக்கு எடுத்துவையுங்கள்.